கும்பகோணம், டார்க், 80:20, இருநூறு கிராம்

உங்க வீட்டுச் சமையலறையில இருக்கற காபிப் பொடிப் பாக்கெட்டை ஒரு நிமிஷம் கையில எடுத்துப் பாருங்க மக்களே. மேல ஒரு பேர் இருக்கும். அதுக்குக் கீழ ஏதோ ஒரு ஊர் வாசனை: ஒரு கோயில் கோபுரம், ஒரு பித்தளை டவரா, இல்லன்னா நேராவே ஒரு ஊர்ப் பேரு. இன்னொரு மூலையில "ஸ்ட்ராங்", "டார்க் ரோஸ்ட்" மாதிரி ஒரு வார்த்தை, பக்கத்துல 80:20 அல்லது 60:40ன்னு ஒரு கணக்கு. கடைசியா எத்தனை கிராம்.

வாங்கறவங்க இந்த மூணையும் பார்த்துதான் கை வைக்கறாங்க: எந்த ஊர்க் காபி, எப்படி வறுத்தது, எவ்வளவு இருக்கு. அப்ப இந்த மூணையும் சேர்த்து பிராண்டுக்குப் பேரா வெச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னுதானே தோணும்? என் தாய்மாமாவுக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒருத்தர் தன்னோடதுன்னு சொந்தம் கொண்டாட முடியாத மூணு விஷயம் எதுன்னு கேட்டா, சட்டம் கை காட்டறதும் சரியா இந்த மூணைத்தான். இது எப்படி வந்துச்சுன்னு தோண்டிப் பார்த்தா, நம்ம ஊர் காபிப் பொடியோட சரித்திரத்துல பாதி வெளிய வருது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, காபிப் பொடிக்குப் பேரே தேவைப்படாத காலம் ஒண்ணு இருந்துது. (காபியே இல்லாத காலமும் இருந்துது. அதுக்கு ஆ.இரா.வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தைப் படிங்க, நான் அதுக்குள்ள போகல.) வறுத்து அரைக்கற கடைக்குப் போவாங்க. கொட்டையோட பேரைச் சொல்லிக் கேப்பாங்க: பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா செர்ரி. பழத்துக்குள்ள ரெண்டு தட்டைப் பருப்புக்குப் பதிலா ஒரே உருண்டைப் பருப்பு இருந்தா அது பீபெரி. சதையை நீக்கி, கழுவிக் காயவெச்ச அராபிகாவுக்கு வியாபாரத்துல பிளாண்டேஷன்னு பேரு. பழத்தோடயே காயவெச்சா செர்ரி. "பீபெரி பாதி, ஏ பாதி, சிக்கரி கொஞ்சம்"னு சொன்னா கண்ணு முன்னாடி அரைச்சுச் சூடாக் காகிதத்துல மடிச்சுக் குடுப்பாங்க. இதுல பிராண்டு எது? கடைதான் பிராண்டு. கடைக்காரர் பேருதான் பொடிக்கும் பேரு. சேலத்துல 1926ல ஆரம்பிச்ச நரசுஸ் அப்படி வந்ததுதான், வி.எல். நரசுங்கற மனுஷரோட பேரு. (அவர் பின்னாடி சினிமா ஸ்டூடியோவும் நடத்தினார்ங்கறது தனிக் கதை.)

அளவும் அப்ப வேற. நம்ம பக்கம் பலக் கணக்கு. ஒரு பலம்னா இன்னிக்குக் கணக்குல ஏறக்குறைய 35 கிராம், நாப்பது பலம் ஒரு வீசை. 1956ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, அடுத்த சில வருஷத்துல பலமெல்லாம் கிராமா மாறிப்போச்சு. மூணு பலம் 100 கிராமுக்குப் பக்கத்துல வர்றதால ஜனங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

கவனிச்சீங்களா, இந்தக் காலத்துல ஊர், வறுவல், அளவு மூணுமே வாயால கேட்டு வாங்கறதுதான். எதிர்ல ஆள் நிக்கறார், பேசிக்கலாம். பாக்கெட் போட்டு வேற ஊருக்கு அனுப்பறப்பதான் அந்தப் பேச்சையெல்லாம் உறை மேல எழுத வேண்டிய நிலைமை வருது.

ஊரை எடுத்துக்குவோம். ஒரு விசித்திரம் பாருங்க. டார்ஜிலிங் டீன்னா டார்ஜிலிங்ல விளைஞ்சது. கும்பகோணம் காபின்னா கும்பகோணத்துல விளைஞ்சதா? காவிரி டெல்டாவுல நெல்லு விளையும், வாழை விளையும், காபி எங்க விளையும்! அது விளையற ஊர் இல்ல, குடிக்கற ஊர். காபி விளையறது சிக்மகளூர், குடகு, வயநாடு, நம்ம பக்கம் ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி. அந்தப் பேருங்களை விட்டுட்டு, ஒரு காபிச் செடிகூட இல்லாத ஊர் எப்படி உறை மேல வந்து உட்கார்ந்துது?

இதுக்கு ருசி மட்டும் காரணம் இல்ல, ஒரு அரசாங்க ஏற்பாடும் காரணம்னு நான் நினைக்கறேன். 1942ல காபிச் சட்டம் வந்துச்சு. உலகப் போர்ல ஐரோப்பியச் சந்தை அடைஞ்சுபோய், தோட்டக்காரங்க விக்க வழியில்லாம நின்ன நேரம். அவங்க விளைச்சலை எல்லாம் காபி வாரியத்தோட பொதுத் தொகுப்புல ஒப்படைக்கணும், வாரியம் தரம் பிரிச்சு ஏலம் விடும்னு ஏற்பாடு. போர் முடிஞ்சும் அது முடியல. 1990கள்ல கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்து, 1996லதான் முழுசா விடுதலை. அதாவது ஐம்பது வருஷத்துக்கும் மேல, கடைக்காரர் வாங்கற மூட்டையில தோட்டத்துப் பேரு முக்கியமில்ல, தரம்தான் பேரு: பிளாண்டேஷன் ஏ, பீபெரி, இப்படி. "இது என் தோட்டம், இந்த மலை"ன்னு ஒரு தோட்டக்காரர் தானே பொடி பண்ணி விக்க வழியில்ல. விளையற ஊருக்குப் பேர் எடுக்கற வாய்ப்பு கிடைக்காத அந்த அரை நூற்றாண்டுல, குடிக்கற ஊர் பேர் எடுத்துக்கிச்சு.

சரி, "டிகிரி"? பால்ல தண்ணி கலந்திருக்கான்னு லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்த டிகிரின்னு ஒரு கட்சி. முதல் டிகாக்‌ஷன்தான் முதல் டிகிரின்னு இன்னொரு கட்சி. சிக்கரிங்கறது வாய்ல மருவி டிகிரி ஆச்சுன்னு மூணாவது கட்சி. என் ஓட்டு பாலுக்கு. எது நிஜமா இருந்தாலும், மூணுமே காபியோட தரத்தையோ வகையையோ சொல்ற சொல்தான்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

இப்ப வறுவல். இதுலதான் பெரிய குழப்பமே. நம்ம ஆளுங்க "ஸ்ட்ராங்கா வேணும்"னு சொல்றப்ப அதுல ரெண்டு வேற ஆசை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, கசப்பு: கொட்டையை அதிகம் வறுத்தா வர்றது. வறுக்கறப்ப 200 டிகிரி செல்சியஸ் பக்கத்துல கொட்டை பட்பட்னு ஒரு தரம் வெடிக்கும், இன்னும் சூடு ஏத்தினா மெல்லிசா ரெண்டாம் தரம் வெடிக்கும். ரெண்டாம் வெடிப்பு தொடங்கினா எண்ணெய் மேல வந்து கொட்டை பளபளக்கும், அதுதான் கருவறுவல். இன்னொரு ஆசை, திக்கா கருப்பா டிகாக்‌ஷன் இறங்கணும்ங்கறது. அதைக் குடுக்கறது பெரும்பாலும் சிக்கரி. மிதமா வறுத்த காபியில 40 பங்கு சிக்கரி போட்டாலும், நல்லாக் கருக்க வறுத்த காபியில 10 பங்கு போட்டாலும் டம்ளர்ல நிறம் கிட்டத்தட்ட ஒண்ணாத் தெரியும். குடிச்சாத்தான் வித்தியாசம். முன்னது லேசா இனிப்புக் கலந்த கனம், பின்னது கசப்பு.

வித்தியாசத்தைக் கண்ணால பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு கண்ணாடி டம்ளர்ல குளிர்ந்த தண்ணி எடுத்து, மேல ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்க, கலக்காதீங்க. காபித் தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறத்துல கோடு கோடா இழுத்துக்கிட்டு அடியில இறங்கும்.

லண்டன்ல 1850 வாக்குல ஆர்தர் ஹில் ஹசால்ங்கற டாக்டர் கடைக் காபியை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்து, பலதுலயும் சிக்கரி கலந்திருக்குன்னு எழுதிப் பெரிய ரகளையாச்சு. கடைசியில அந்த அரசாங்கம் தடை போடல. கலக்கறதுன்னா உறை மேல எழுதிட்டுக் கலந்துக்கோன்னு விட்டுடுச்சு. நம்ம நாட்டுலயும் அதே வழிதான். 1955ல வந்த உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள்படி, கலவையில காபி எடையில 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, காபி இவ்வளவு சிக்கரி இவ்வளவுன்னு உறையில போடணும். அந்தச் சட்டம் போய் 2006ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறமும் இந்த 51 நிக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் இங்கதான். ஏமாத்தக் கூடாதுன்னு சட்டம் போடச் சொன்ன ஒரு எண், நாளடைவுல பொடியோட செல்லப் பேரா ஆயிடுச்சு. "எண்பது இருபது இருக்கா?"ன்னு கேக்கறாங்க. யாரும் உக்காந்து யோசிச்சு வெச்ச பேர் இல்ல, ஆனா எந்த விளம்பரக் கம்பெனி வெச்ச பேரை விடவும் அதிகமாச் சொல்லுது. ஒரே குறை, அது எல்லாருக்கும் பொது.

மாமா கதைக்கு வர்றேன். மாயவரத்துல இருபது வருஷமா வறுத்து அரைச்சுக் குடுக்கற சின்னக் கடை. பக்கத்துத் தெருக்காரங்க பசங்க சென்னை, பெங்களூர்னு போயிட்டாங்க, ஊருக்கு வர்றப்ப ரெண்டு கிலோ கட்டிட்டுப் போறாங்க. அதனால பாக்கெட் போட்டு அனுப்பலாம்னு முடிவு பண்ணி, சேமிப்புல இருந்து ஒரு தொகையை எடுத்து வெச்சுட்டார். எனக்கு போன்.

"மாப்ளே, பேர் முடிவு பண்ணிட்டேன். கும்பகோணம் டிகிரி ஸ்ட்ராங் காபி. நீ கம்ப்யூட்டர்ல பதிஞ்சு குடுத்துடு."

"மாமா, நீங்க இருக்கறது மாயவரம்."

"அதனால என்னடா, முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தானே?"

நாங்க சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு தப்பைத் தினமும் பார்ப்போம். ஒரு பொருளுக்கு அடையாளப் பேர் வைக்கச் சொன்னா, அதோட குணத்தை எல்லாம் பேருக்குள்ளயே திணிக்கறது:

```
kumbakonam_degree_strong_8020_200g
```

நாளைக்கு 60:40 போட்டா? 500 கிராம் போட்டா? பேரே மாறணும். ஆனா இங்க சிக்கல் அதை விடப் பெரிசு. 1999 வணிகக்குறிச் சட்டத்தோட 9ஆம் பிரிவு, ஒரு பொருளோட வகை, தரம், அளவு, பயன், மதிப்பு, எந்த இடத்தைச் சேர்ந்தது, எப்ப செஞ்சது இதை மட்டுமே சொல்ற சொற்களைப் பதிவு பண்ண முடியாதுங்குது. காரணம் நியாயமானது: கும்பகோணம்ங்கற சொல்லை ஒருத்தருக்கு எழுதிக் குடுத்துட்டா, கும்பகோணத்துல நிஜமாவே காபி வறுக்கறவர் எங்க போவார்? ரொம்ப வருஷம் பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு இவர் கடைதான் ஞாபகம் வருதுன்னு நிரூபிச்சா விதிவிலக்கு உண்டு. மாமாவுக்கு அது பொருந்தாது.

அவர் பேரைத் துண்டு துண்டா வெட்டிப் பார்த்தோம். கும்பகோணம் ஊர். டிகிரி தரம். ஸ்ட்ராங் தரம். காபி பொருளே. மிச்சம் பூஜ்யம். படம் போட்டு லோகோவாப் பதிஞ்சாலும் படத்துக்குத்தான் காப்பு, அதுக்குள்ள இருக்கற பொதுச் சொற்களுக்குத் தனி உரிமை வராது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில வரிசையா நிக்கற கும்பகோணம் டிகிரி காபிக் கடைங்களைப் பாருங்க. அத்தனை போர்டும் ஒரே பேரு. பேர் பிரபலமாச்சு, அதால எந்த ஒரு கடையும் பிரபலமாகல.

"அப்ப குடகுன்னு வெச்சுக்கறேன், கொட்டை அங்கேருந்துதானே வருது?"ன்னார். அதுவும் சிக்கல். 2019ல கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா அஞ்சுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. எந்த ஊரும் ஆகாதுன்னா, இல்லாத ஊர் ஆகலாம். கான்டினென்டல் கம்பெனி அவங்க ஃபில்டர் காபிக்கு மால்குடின்னு வெச்சிருக்காங்க. ஆர்.கே. நாராயண் 1935ல 'சுவாமியும் நண்பர்களும்' நாவல்ல உருவாக்கின ஊர், வரைபடத்துல கிடையாது. ஆனா திண்ணையும் ஆத்தங்கரையும் காபியும் மனசுல வந்துடுது. கெட்டிக்காரத்தனம்னா இதான்.

மாமாகிட்ட கேட்டேன்: "வெளியூர்ல இருக்கற மாயவரத்துக்காரன் கண்ணை மூடினா எது வரும்?" யோசிக்கவே இல்ல. "மணிக்கூண்டு."

அவ்வளவுதான். அது இடம்தான், ஆனா ஊர்ப் பேர் இல்ல. காபியோட குணம் எதையும் சொல்லல. ஊர்க்காரனுக்கு மாயவரம், மத்தவங்களுக்கு ஏதோ ஒரு பழைய டவுன், காலை மணி. வணிகக்குறித் தளத்துல 30ஆம் வகுப்புல (காபி, சிக்கரி எல்லாம் அங்கதான்) `Wordmark`, `Phonetic` ரெண்டு வழியிலயும் தேடினோம். தமிழ்ப் பேரை ஆங்கிலத்துல மூணு நாலு விதமா எழுதலாம், அத்தனையும் போட்டுப் பார்க்கணும். இடிக்கற மாதிரி எதுவும் தட்டுப்படல.

அப்ப அந்த மூணு விஷயமும்? பேருக்குக் கீழ இறங்கிச்சு. ஊர், "மாயவரத்தில் வறுத்து அரைத்தது"ன்னு ஒரு வரி. உண்மையை நேர்மையா விவரிக்கறதை யாரும் தடுக்க முடியாது, தயாரிப்பாளர் முகவரியை எப்படியும் போட்டே ஆகணும். வறுவலுக்கு மாமா "ஸ்ட்ராங்"கை விட மாட்டேன்னு நின்னார். அதனால முதல்ல மொட்டைப் பாக்கெட்டா ரெண்டு வகையிலயும் "ஸ்ட்ராங்"னு எழுதி வித்துப் பார்த்தார். கருவறுவல் வாங்கின ஒரு அம்மா "இது கசக்குது, நான் கேட்டது ஸ்ட்ராங்"னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க கேட்டது திக்கா இறங்கறது. அன்னிக்கு அந்த வார்த்தை போச்சு. இப்ப ரெண்டே வகை: "கருவறுவல் 90:10", "நடுவறுவல் 60:40". ஒரு சொல் வறுவலைச் சொல்லுது, எண் சிக்கரியைச் சொல்லுது, ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யல. சிக்கரி கலந்த பொடியைச் சும்மா "காபி"ன்னு போட முடியாதுங்கறதால "காபி – சிக்கரி கலவை"ங்கற வரியும் உண்டு. மாமாவுக்கு அது மட்டும் இன்னும் உறுத்தல்.

அளவுதான் கடைசியில ஆட்டம் காட்டுச்சு. முழுசாப் பிரிண்ட் பண்ணின உறைன்னா ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்கணும், ஒவ்வொரு அளவுக்கும் தனி செட். ஆறு நிறம், மூணு அளவுன்னா பதினெட்டு சிலிண்டர். எடுத்து வெச்ச காசு அங்கேயே கரைஞ்சுடும். அதனால வெறும் பழுப்புப் பவுச் வாங்கி, லேபிள் மட்டும் அச்சடிச்சு ஒட்டறதுன்னு ஆச்சு. 50 கிராம் பவுச்சுல லேபிள் அகலம் ஏழு சென்டிமீட்டர்தான். "கும்பகோணம் டிகிரி ஸ்ட்ராங் காபி"யை அதுல அடிச்சுப் பார்த்தேன், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்துது. "மணிக்கூண்டு" ஒரே வரியில நிமிர்ந்து நின்னுது. ஒரு விஷயம்: தமிழ்ல மேல கொம்பும் கீழ சுழியும் இருக்கறதால வரிக்கு நடுவுல ஆங்கிலத்தை விடக் கொஞ்சம் கூடுதல் இடம் விடணும், இல்லன்னா 'கூ'வோட சுழி கீழ் வரியில இடிக்கும். கிராம் எண்ணைத் தனியா, பக்கத்துல எதுவும் ஒட்டாம போட்டோம். "ஜம்போ" மாதிரி அளவை ஊதிக் காட்டற சொல் எதுவும் அங்க வரக் கூடாது.

ஊதறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 500 கிராம் பவுச் முதல் ட்ரிப் தலகாணி மாதிரி உப்பிடுச்சு. வறுத்த காபி கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கிட்டே இருக்கும், அரைச்ச சூட்டோட அடைச்சதால வந்த வினை. இப்ப அரைச்சு ஒரு ராத்திரி டப்பாவுல ஆறவிட்டு அடைக்கறார். வால்வு வெச்ச பவுச் விலை கட்டுப்படியாகல. அதிகம் போறது 200 கிராம்தான். நாலு டம்ளருக்கு ஒரு ஃபில்டர்ல முப்பது கிராம் பிடிக்கும், காலையில மட்டும் போடற வீட்டுக்கு ஒரு வாரம். அதுக்கு மேல வெச்சிருந்தா மணம் இறங்கிடுது.

சிறு வியாபாரிக்கான கட்டணம் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டாச்சு. தமிழ்ப் பேர்ங்கறதால ஆங்கில எழுத்துல ஒரு தரமும், அர்த்தம் ஒரு தரமும் எழுதிக் குடுத்தேன். தளத்துல இப்ப `Marked for Exam`னு நிக்குது. ஆட்சேபம் வந்தா ஒரு மாசத்துக்குள்ள பதில் குடுக்கணும். மாமா தினம் காலையில கடை திறந்ததும் போன் பண்ணி, "பரீட்சை முடிஞ்சுதாடா?"ன்னு கேக்கறார். :-)